அத்தா சொன்ன ‘என்’

எங்கள் அத்தாவுக்கு என்னைத் தவிர வேறு யாரையும் ‘நீ’ என்று சொல்ல வராது. உடுமலைப்பேட்டைக்காரர். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், தெரு நாய், மக்கர் செய்யும் ஓவர்லாக் மெஷின், எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் ‘ங்க’தான். நூல் அறுந்தால் மெஷினிடமே குனிந்து, “ஏனுங்க, காலைலயேவா?” என்று கேட்பார். உம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்கும் ‘ங்க’தான்.

அத்தா என்னைப் பெற்றவர் இல்லை. பெற்றவரை நாங்கள் வாப்பா என்று சொல்வோம். காயல்பட்டினத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்தவர், யூஸுஃப் என்று பெயர். எனக்கு நடக்கத் தெரியும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். உம்மா செக்கிங் வேலைக்குப் போன கம்பெனியில் டெய்லராக இருந்தவர்தான் காஜா மைதீன் என்ற இந்த அத்தா. உம்மாவை நிக்காஹ் செய்துகொண்ட அன்று, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி முழுக்கச் சுற்றிக் காட்டினாராம். கல்யாணப் பெண்ணை விட்டுவிட்டுப் பிள்ளையை ஊர்வலம் விட்ட மாப்பிள்ளை இவர் ஒருவர்தான் என்று உம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அந்தத் தோளில் வளர்ந்த நான் பெண்கள் அரபிக் கல்லூரியில் படித்து, காங்கேயம் ரோட்டுப் பக்கம் ஒரு மதரஸாவில் இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் ஆலிமாவானேன். ‘ளமீர் முத்தஸில்’ என் பாடம். சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் என், உன், அவன், அவள். அரபியில் இவை தனியாக நிற்காது. வினையோ பெயரோ முன்னொட்டுச் சொல்லோ, எதன் பின்னாலாவது ஏறிக்கொள்ள வேண்டும். ஏறும்போது அந்தச் சொல்லின் கடைசியையும் கொஞ்சம் மாற்றிவிடும். பிள்ளைகள் இந்தப் பாடம் வந்தாலே வயிற்று வலி என்பார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் எனக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை சதக்கத்துல்லா, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அவர் வீட்டாரும் வாப்பாவின் ஊர்ப் பக்கம். இங்கே பெரும்பாலும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தே பெண் வீட்டுக்காக எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடித்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டாருக்கோ, பெண்ணைக் கொடுக்கும் ஆண் தன் வாயாலேயே அரபியில் சொல்ல வேண்டும். அது அவர்கள் வழக்கம். பேச்சு முடிந்து அவர்கள் கிளம்பியதும் அத்தா என்னிடம் வந்தார்.

“கண்ணு, அந்த வார்த்தைய நான் சொல்றதுக்கு எடமிருக்குதா?”

மார்க்கச் சட்டத்தில் பெண்ணைக் கொடுக்கும் உரிமை ‘வலி’ என்ற பொறுப்பாளருக்கு. வாப்பாவும் அவருடைய அப்பாவும் இல்லை, எனக்கு அண்ணன் தம்பியும் இல்லை. ஆகையால் உரிமை வாப்பாவின் அண்ணனுக்கு, காயல்பட்டினத்திலிருக்கும் பெரிய வாப்பாவுக்கு. வளர்த்த அத்தாவுக்கு அதில் பங்கில்லை. ஆனால் பெரிய வாப்பா தன் சார்பில் பேச இவரை வக்கீலாக நியமித்தால் இவரே சொல்லலாம். இதை நான் சொன்னதும் அத்தா சிரித்துவிட்டார்.

“எட்டாங்கிளாஸ் பெயிலானவன் வக்கீலா! சொல்லிக்குடு கண்ணு. அவங்க சரின்னாங்கன்னா அன்னைக்கு முழிச்சுட்டு நிக்கக் கூடாதல்ல.”

வீட்டின் முன்பக்கம்தான் எங்கள் ஜாப் ஒர்க் ஷெட். அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். ஊரே மின்சார வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்க, அத்தா மட்டும் மெஷின் நின்றால் முகம் மலர்ந்து என்னைக் கூப்பிடுவார். பிளாட்லாக் மெஷினில் இருக்கும் ரோஸ்மேரி அக்காவும் கைவிசிறியோடு வந்து உட்கார்ந்துகொள்வாள். நாசரேத்துக்காரி. அவளுக்கு எங்கள் அரபி வகுப்பு டிவி சீரியலைவிட உசத்தி.

அத்தாவுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்கினேன். “தொழுகைல ‘ரப்பனா’ன்னு சொல்றீங்கல்ல? ரப்புன்னா இறைவன். ‘னா’ன்னா எங்கள். ‘ரப்பீ’ன்னா என் இறைவன். ஸலாம் சொல்றப்ப ‘அலைக்கும்’. மேலே என்பதற்கு ‘அலா’. ‘கும்’ ஒட்டினதும் ‘அலா’ ‘அலை’யாயிடும்.”

“அப்ப நான் இத்தன வருசமா ஒட்டித் தச்சுட்டுத்தான் இருந்தனா?” அவருக்கு ஒரே சந்தோஷம். “ஓவர்லாக் மாதிரிதான். ரெண்டு துணியச் சேக்கறப்பவே கத்தி ஓரத்த வெட்டிருதல்ல.”

எனக்கு அது பிடித்துப்போயிற்று. ‘பின்துன்’ என்றால் ஒரு மகள். ‘அவனுடைய’ என்ற ‘ஹு’ ஒட்டினால் கடைசி ‘ன்’ வெட்டுப்பட்டு ‘பின்துஹு’. மறுநாள் பிள்ளைகளுக்கும் ஓவர்லாக் மெஷினை வைத்தே சொல்லிக்கொடுத்தேன். திருப்பூர்ப் பிள்ளைகள், உடனே புரிந்துகொண்டார்கள்.

வம்பு வந்தது வினைச்சொல்லில். ‘ஜவ்வஜ்து’ என்றால் மணமுடித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்வதால் ‘உனக்கு’ என்ற ‘க’ ஒட்டி ‘ஜவ்வஜ்துக’. பொருளை விளக்கிச் சொல்லித் தொலைத்தேன். அத்தாவின் நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

“மாப்பிள்ளையப் போயி, சபைல, உனக்குன்னு சொல்றதா? மருவாதியா ஒண்ணும் இல்லயா?”

“அரபியில இல்ல அத்தா.”

“ஏன் இல்ல? ஒத்த ஆளுக்குத்தான ஸலாம் சொல்றோம். அலைக்கும்னு ‘கும்’ போட்டுத்தான சொல்றோம்? நான் ‘ஜவ்வஜ்துகும்’னே சொல்லிக்கறேன்.”

“‘கும்’னா பல ஆண்கள் அத்தா. ஸலாமுக்கு அந்த வழக்கம் உண்டு. அது ஸலாம், இது நிக்காஹ்.”

ரோஸ்மேரி அக்கா விசிறியை நிறுத்தினாள். “அப்பம் எத்தன மாப்பிள்ளைக்கு அண்ணாச்சி குடுக்கப் போறிய எம் பிள்ளைய?”

அத்தா அப்படியே விறைத்துப்போனார். பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு சென்னம்மாள் அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தாள். அதற்குப் பின்னும் ‘கும்’ அவரை எளிதில் விடவில்லை. கல்யாணப் பத்திரிகை விஷயமாக மாப்பிள்ளை வந்திருந்தபோது, அத்தா டீ கிளாஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாராம்.

“தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. அன்னைக்கு ஒரு நாளைக்கு உங்கள ‘க’ன்னு ஒருமைல பேச வேண்டி வருமுங்க. அதுக்கு மேல பேசவே மாட்டனுங்க.”

இதை மாப்பிள்ளை பிற்பாடு என்னிடம் சொல்லும்போது, அந்த நிமிஷமே இந்த வீட்டு மருமகனாகிவிட்டேன் என்றார். எனக்கும் அவரை அப்போதுதான் சரியாகப் பிடித்தது.

‘க’ ஒரு வழியாகப் படிந்ததும் மீதி வாக்கியத்துக்கு வந்தோம். வக்கீல் சொல்ல வேண்டியதை முறைப்படி எழுதாமல் வாயாலேயே பழக்கினேன்: “ஜவ்வஜ்துக பின்த அகீ முவக்கிலீ.” என்னை நியமித்தவருடைய சகோதரரின் மகளை உனக்கு மணமுடித்துக் கொடுத்தேன். அத்தா இரண்டு நாள் அதைச் சொல்லிக்கொண்டே காலர் தைத்தார். மூன்றாம் முறை கரண்ட் போனபோது கேட்டார்.

“இதுல ரெண்டு ‘ஈ’ கேக்குதே. ஈன்னா என்னோடதுன்னல்ல சொன்ன?”

“முதல் ‘ஈ’ என்னோடது இல்ல அத்தா. சகோதரன்ங்கற சொல்லு அப்படித்தான், அடுத்த சொல்லோட சேர்றப்ப இடத்துக்குத் தக்க மாறும். அகூ, அகா, அகீ. ரெண்டாவது ‘ஈ’தான் ‘என்’. முவக்கிலீ, என்னை நியமிச்சவர்.”

“அப்ப அந்த ‘என்’ உங்க பெரிய வாப்பா மேல ஒட்டுது.”

“ஆமா.”

“உன்ற மேல ஒண்ணும் ஒட்டலயா?”

ரோஸ்மேரி அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அத்தா முடிக்காமல் கிடந்த பனியன் கை ஒன்றை எடுத்து மடியில் நீவிக்கொண்டிருந்தார். ‘பின்தீ’, என் மகள் என்று சொல்லலாமா என்று கேட்டார். வம்சம் வாப்பாவுடையது, ஒப்பந்தத்தில் அதை மாற்றிச் சொல்லக் கூடாது என்றேன். “தப்புன்னா வேண்டாம் கண்ணு” என்று உடனே சொல்லிவிட்டார். கரண்ட் வந்தது, போய் உட்கார்ந்து தைத்தார். அன்றைக்கு அவர் மெஷினோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். சட்டம் சரிதான், நானே பாடம் நடத்துகிறவள். ஆனாலும் என்னைத் தோளில் சுமந்தவர் சபையில் என்னைச் சுட்டும்போது, யாரோ ஒருவர் வீட்டுப் பெண் என்பதுபோல் சொல்லிவிட்டு நகர வேண்டுமா? அந்தக் கோபத்தோடேயே மறுநாள் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் பாவம், சின்னத் தப்புக்கெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அன்றைய பாடம் ‘ஆ’வில் முடியும் பெண்பால் பெயர்கள். தனியாக நின்றால் ‘மத்ரஸா’. பின்னால் ஒன்று ஒட்டினால் உள்ளே ஒளிந்திருக்கும் ‘த’ வெளியே வந்துவிடும். மத்ரஸதுனா, எங்கள் பள்ளி. மத்ரஸதீ, என் பள்ளி. இன்னும் எடுத்துக்காட்டுகள் கேட்டேன். ஒருத்தி ஹதீகதீ, என் தோட்டம் என்றாள். ஒருத்தி காலதீ, என் தாயின் சகோதரி என்றாள். உறவுமுறைச் சொற்களாக வர ஆரம்பித்தன. நானும் மனதுக்குள் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்போதுதான் ‘ரபீபா’ நினைவுக்கு வந்தது. மனைவிக்கு முன்னரே இருந்த மகளுக்கு அரபியில் அந்தப் பெயர். வளர்க்கப்பட்டவள் என்று பொருள். ரபீபதீ, நான் வளர்த்தவள், என் வளர்ப்பு மகள்.

அதில் பொய் இல்லை, வம்சத்தை மாற்றவில்லை, ‘என்’ என் மேலேயே ஒட்டுகிறது. ஹஜ்ரத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். பெண்ணின் பெயரும் அவள் தந்தை பெயரும் தெளிவாக வந்து, வலியின் வக்கீலாகத்தான் பேசுகிறார் என்றும் தெரிந்துவிட்டால் தாராளமாகச் சொல்லலாம் என்றார். “ஆனா வலி சம்மதிக்கணும்மா, அதுதான் அடிப்படை” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அத்தாவிடம் அந்தச் சொல்லையும் பொருளையும் சொன்னேன். மெதுவாக, “ரபீபதீ” என்றார். “ஜவ்வஜ்துகங்கறது யாரு மேல நடக்குதுன்னு காட்ட, சொல்லோட கடைசில, ‘பின்த’ல வந்த மாதிரி, ‘அ’ வரும்னயே, அது இதுல எங்க போச்சு?” என்று கேட்டார். அவர் கவனமாகத்தான் படித்திருந்தார்.

“அவனுடைய வளர்ப்பு மகள்னா அந்த ஓசை எல்லாம் தெரியும் அத்தா. செய்யறவளா நின்னா ரபீபதுஹு. செயல் அவ மேல நடந்தா ரபீபதஹு. ‘இ’ வர்ற இடத்துல ரபீபதிஹி, அங்க ‘ஹு’வே ‘ஹி’யாயிடும். ஆனா ‘என்’ ஒட்டினா மட்டும் எங்க வச்சாலும் ரபீபதீதான். மத்த ஓசைக்கு இடமே இல்ல.”

“எங்க வச்சாலும் மாறாதா?”

“மாறாது.”

அவர் முகம் போன போக்கை எழுதத் தெரியவில்லை எனக்கு.

நிக்காஹுக்கு முதல் நாள் மத்தியானம் பெரிய வாப்பா ஊரிலிருந்து வந்து இறங்கினார். நெடிய மனிதர், வெள்ளைத் தாடி, வாப்பாவின் அதே மூக்கு என்று உம்மா சொன்னாள். என் தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டபடி அவராகவே ஆரம்பித்தார்.

“வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். ‘ஜவ்வஜ்துக பின்த அகீ.’ என் தம்பி மகளை உனக்குக் கொடுத்தேன். யூஸுஃபுக்கு நான் செய்யக் கிடைச்சது இது ஒண்ணுதான்.”

அத்தா பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தார். கேட்பார் என்று நான் பார்த்தேன், உம்மா பார்த்தாள், ஷெட் வாசலிலிருந்து ரோஸ்மேரி அக்கா பார்த்தாள். “ரொம்ப சந்தோசமுங்க. நீங்க சொல்றதுதான் மொறைங்க” என்று சொல்லிவிட்டுச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். மனிதர் மரியாதையிலேயே செத்துப்போவார் போலிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணப் பெண் பேசக் கூடாது என்று யார் சொன்னது?

“பெரிய வாப்பா, உங்க வக்காலத்த அத்தாவுக்குக் குடுங்க” என்றேன்.

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய வாப்பா என்னையும் அத்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாயிருந்தது.

“வளர்த்தவரோட ஆசை எனக்குப் புரியாமலா இருக்கு? ஆனா என் தம்பின்னு நான் ஒரு சபையில சொல்லி இருபது வருஷத்துக்கு மேலாச்சும்மா. நாளைக்கு விட்டா எனக்கு வேற சபை ஏது?”

அவருக்கும் ஒரு ‘ஈ’ வேண்டியிருந்தது. அகீ, என் தம்பி; அடுத்த சொல்லோடு சேராமல் நின்றால் இதிலுள்ள ‘ஈ’யும் ‘என்’தான். அத்தாவின் சொம்பையும் அவருடைய வெற்றிலையையும் பார்த்துக்கொண்டே மனதுக்குள் வாக்கியத்தைப் பிரித்துத் தைத்தேன். இத்தனை வருஷம் படித்த இலக்கணம் ஒரு நாளாவது வீட்டுக்கு உதவ வேண்டாமா?

“ரெண்டு பேரும் சொல்லுங்க” என்றேன். “வக்காலத்து குடுக்கறத நீங்க சபையில, மைக்ல, அரபியிலயே சொல்லுங்க பெரிய வாப்பா. ‘வக்கல்துக ஃபீ தஜ்வீஜி பின்தி அகீ.’ என் தம்பி மகளை மணமுடித்துக் கொடுக்க உன்னை நியமித்தேன். பின்னாலேயே தம்பி பேரும் என் பேரும். அதுக்கப்புறம் அத்தா, ‘ஜவ்வஜ்துக வ அன்கஹ்துக ரபீபதீ ஆபிதா பின்த யூஸுஃப், பி வகாலதி அம்மிஹா.’ அவளுடைய பெரியப்பாவின் வக்கீலாக, நான் வளர்த்தவளான யூஸுஃபின் மகள் ஆபிதாவை உனக்கு மணமுடித்து, நிக்காஹ் செய்து கொடுத்தேன்.”

“ரபீபதீ” என்று பெரிய வாப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஓதிய குடும்பம், அவருக்குப் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தாவின் பக்கம் திரும்பி, “இத நீங்க சொல்லிப் பழகியிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“கொஞ்சமுங்க” என்றார் அத்தா.

“கொஞ்சமா!” என்று வாசலிலிருந்து ரோஸ்மேரி அக்கா கத்தினாள். “மெஷினு சத்தத்த விட இவிய சத்தந்தாங்க கூட. எனக்கே மனப்பாடம்!”

பெரிய வாப்பா சிரித்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அத்தாவின் தோளில் கை போட்டார். “எங்கே, ஒரு தடவ என்னை மாப்பிள்ளையா நெனச்சுச் சொல்லுங்க பாப்போம்” என்றார். அத்தா ‘கும்’ போட்டுத்தான் தொடங்கினார். வீடே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை வந்தது.

மறுநாள் பள்ளிவாசலில் ஆண்கள் கூடினார்கள். பக்கத்து ஹாலில் பெண்கள் நாங்கள் பிரியாணி வாசனைக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். சுவரில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அதில் எல்லாம் கேட்கும். ஹஜ்ரத் குத்பா ஓதி முடித்ததும் பெரிய வாப்பாவின் குரல் வந்தது. “வக்கல்துக” என்று கணீரென்று தொடங்கினார். “பின்தி அகீ” என்று சொல்லி, வாப்பாவின் பெயரைச் சொன்னார். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெயரை ஒரு பெட்டிக்குள்ளிருந்து கேட்பது அவளுக்கு எப்படியிருந்ததோ, கையை நசுக்கிவிட்டாள்.

பிறகு மைக்கை யாரோ நகர்த்தும் சத்தம். அத்தாவின் தொண்டைச் செருமல், அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். “ஜவ்வஜ்துக” என்றார். பிசிறில்லை. ரோஸ்மேரி அக்கா அடக்கிய மூச்சை விட்டாள். “வ அன்கஹ்துக” என்றார். அதுவும் சரி. “ரபீபத” என்றார்.

அங்கே நின்றுவிட்டார்.

ஹாலில் பேச்சு நின்றது. பின்னால் யாரோ, மைக் போச்சா என்றார்கள். மைக் போகவில்லை, அவர் மூச்சு எங்களுக்குக் கேட்டது. அந்தத் ‘த’ வெளியே வந்து, ஒட்ட வேண்டியது ஒட்டாமல், தையல் போடாத துணிபோல் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லுங்க அத்தா என்று எனக்கு நானே முணுமுணுத்தேன். அப்புறம் வந்தது அந்த ‘ஈ’. எந்த ஓதல் முறையிலும் இல்லாத நீளத்துக்கு வந்தது. என் மாணவி யாராவது அப்படி நீட்டியிருந்தால் நிறுத்தித் திருத்தியிருப்பேன். அது முடிவதற்குள் நான் அழுது முடித்து மறுபடியும் அழ ஆரம்பித்துவிட்டேன். பிறகு என் பெயர், வாப்பா பெயர், பெரியப்பாவின் வக்காலத்து, மஹர் தொகை எல்லாவற்றையும் ஒரு தப்பில்லாமல் சொல்லி முடித்தார். உடனே மாப்பிள்ளையின் குரல், “கபில்து நிகாஹஹா” என்றது. அவளுடைய நிக்காஹை ஏற்றுக்கொண்டேன்; கடைசியில் ஒட்டிய ‘ஹா’தான் ‘அவளுடைய’.

துஆ முடிந்து, கட்டிப்பிடிப்பதெல்லாம் முடிந்து, அத்தா பெண்கள் பக்கத்து வாசலுக்கு வந்து நின்றார். புதுச் சட்டையில், நிக்காஹ் முடிந்ததும் பங்கிட்ட சீனி ஒட்டியிருந்தது.

“கண்ணு, சரியா வந்துச்சா?”

“எல்லாம் சரி அத்தா. ஒரே ஒரு ‘ஈ’ய மட்டும் அளவுக்கு மேல நீட்டிட்டீங்க.”

“தெரியும் கண்ணு” என்றார். “அத முடிச்சனா, அடுத்தாப்புல மாப்பிள்ளை ‘ஹா’ன்னு சொல்லிருவாங்களே. அதான், முடிக்க மனசு வல்ல.”